நான்கு கண்மாயைப் பார்த்துப் பத்துக் கண்மாய்க்குக் கணக்குச் சொல்வது எப்படி: வாய்ப்பால் வகுத்து மொத்தத்தை மதிப்பிடும் முறை

மேலூர்ப் பக்கம் ஒரு சங்கிலியில் பத்துக் கண்மாய்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும். கார்த்திகை பிறந்துவிட்டது, இந்தப் பத்துக் கண்மாய்களின் பாசனத்தில் இந்தப் பருவம் எத்தனை ஏக்கரில் நெல் நட்டிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். கண்மாய்த் தண்ணீர் பாய வேண்டிய நிலமான ஆயக்கட்டு எவ்வளவு என்பது பதிவேட்டில் இருக்கிறது, ஆனால் நட்ட பரப்பு அதில் இல்லை. பத்தையும் நடந்து அளக்க ஆளும் நாளும் போதாது. நான்கைத்தான் பார்க்க முடியும். நான்கை எப்படிப் பொறுக்குவது, அந்த நான்கிலிருந்து பத்துக்குமான மொத்தத்தை எப்படிப் பெறுவது என்பதைப் புதிதாக மாதிரி ஆய்வுக்கு வருபவர்களுக்காக இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கீழே வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக நானே அமைத்துக்கொண்டவை.

முறை ஒரே வரியில் அடங்கிவிடும். மாதிரியில் விழுந்த ஒவ்வொன்றின் அளவையும், அது மாதிரியில் விழுவதற்கு இருந்த வாய்ப்பால் வகுத்து, வந்ததையெல்லாம் கூட்ட வேண்டும். கால் பங்கு வாய்ப்பில் வந்த ஒன்று நான்குக்குச் சமமாக நிற்கும். பாதி வாய்ப்பில் வந்தது இரண்டுக்குச் சமமாக நிற்கும். இந்த மதிப்பீட்டை இந்தியாவில் நரேன் 1951-இலும், அமெரிக்காவில் ஹோர்விட்ஸ், தாம்சன் ஆகிய இருவர் 1952-இலும் எழுதினார்கள். பெயர் பின்னவர்களுக்கே நிலைத்துவிட்டது. சூத்திரம் இதுதான்:

```
Y = y1/p1 + y2/p2 + ... + yn/pn
```

இதில் `y` என்பது களத்தில் அளந்த அளவு. `p` என்பது சேர்க்கை நிகழ்தகவு, அதாவது அந்தக் கண்மாய் மாதிரியில் சேருவதற்கு இருந்த வாய்ப்பு. வகுப்பது யாருக்கும் தெரியும். `p` எங்கிருந்து வருகிறது, யார் அதைத் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்.

முதலில் பட்டியல்

தமிழ்நாட்டில் 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் பொதுப்பணித் துறை வழி வந்த நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் கீழ்ப்பட்டவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருக்கின்றன. ஆகவே பட்டியல் ஒரே இடத்தில் கிடைக்காது. இரண்டு பதிவேடுகளைச் சேர்த்துத்தான் செய்ய வேண்டும். 40 ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 99 ஏக்கர். எனவே 100 ஏக்கர் ஆயக்கட்டுள்ள ஒரு கண்மாய் எல்லையில் நிற்கும்: ஒரு பதிவேட்டில் ஊர்க் கண்மாய் என்றும், இன்னொன்றில் வேறு பெயரிலும் இருமுறை வரலாம், இரண்டிலுமே விட்டுப் போகவும் கூடும். இருமுறை வந்தால் அதன் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அது தெரியாமல் ஒற்றை வாய்ப்பால் வகுத்தால் மொத்தம் வீங்கும். விட்டுப் போனால் அதன் வாய்ப்பு பூச்சியம், பூச்சியத்தால் வகுக்க முடியாது. எந்தப் பெருக்கலும் அந்தக் கண்மாயைக் கணக்குக்குள் கொண்டுவராது. கிராம நிர்வாக அலுவலரிடமும் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் பழைய நீர்க்கட்டி ஒருவரிடமும் பட்டியலை ஒருமுறை வாசித்துக் காட்டினால் இரண்டு கோளாறும் பெரும்பாலும் அங்கேயே பிடிபடும்.

பட்டியலைத் தண்ணீர் போகும் வரிசையிலேயே, மேலிருந்து கீழாக எழுதுங்கள். இதன் பயன் அடுத்த படியில் தெரியும்.

பொறுக்குவது

எல்லாக் கண்மாய்க்கும் ஒரே வாய்ப்புக் கொடுத்துக் குலுக்கலாம். ஆனால் 200 ஏக்கர்க் கண்மாயும் 40 ஏக்கர்க் கண்மாயும் மொத்தத்தில் ஒரே அளவு பங்கு வகிப்பவை அல்ல. பெரியதைத் தவறவிட்டால் இழப்பு அதிகம். ஆகவே ஆயக்கட்டின் அளவுக்கு ஏற்ற வாய்ப்பைக் கொடுப்போம். ஆயக்கட்டுகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டே வந்தால் பட்டியல் இப்படி இருக்கும்:

| எண் | ஆயக்கட்டு (ஏக்கர்) | கூட்டிக்கொண்டே வந்தது |
|---|---|---|
| 1 | 60 | 60 |
| 2 | 140 | 200 |
| 3 | 40 | 240 |
| 4 | 100 | 340 |
| 5 | 200 | 540 |
| 6 | 80 | 620 |
| 7 | 50 | 670 |
| 8 | 160 | 830 |
| 9 | 120 | 950 |
| 10 | 50 | 1000 |

மொத்தம் 1000 ஏக்கர்; வேண்டியது 4 கண்மாய்; ஆக இடைவெளி 250. இப்போது 1 முதல் 250 வரையில் ஒரு எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுக்க வேண்டும். கைபேசியிலேயே எடுக்கலாம், ஆனால் இன்னொருவர் பார்க்க எடுத்து உடனே எழுதிவிடுங்கள். வந்த எண் பிடிக்கவில்லை என்று மறுபடி எடுக்கத் தொடங்கினால் வாய்ப்பு என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமல் போகும். நமக்கு 220 வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதோடு 250, 250 ஆகக் கூட்டினால் 220, 470, 720, 970. முதல் எண்ணான 220, கூட்டலில் 201 முதல் 240 வரை இடம்பிடித்துள்ள 3-ஆம் கண்மாயில் விழுகிறது. 470 ஐந்தாவதிலும், 720 எட்டாவதிலும், 970 பத்தாவதிலும் விழுகின்றன. பட்டியல் தண்ணீர் வரிசையில் இருப்பதால் சங்கிலியின் மேல் பகுதி, நடுப்பகுதி, கடைசிப் பகுதி எல்லாவற்றிலிருந்தும் ஒன்றாவது வந்துவிடும். முதலில் நிறையும் கண்மாய்களே நான்கும் ஆகிவிடும் விபத்து இதில் நேராது.

3-ஆம் கண்மாயின் வாய்ப்பு எவ்வளவு? தொடக்க எண் 250-இல் எதுவாகவும் இருந்திருக்கலாம். அவற்றில் 201 முதல் 240 வரையிலான 40 எண்கள் வந்தால் மட்டுமே அது மாதிரியில் சேரும். எனவே 40/250, அதாவது 0.16. இதே போல ஐந்தாவதற்கு 200/250 = 0.80, எட்டாவதற்கு 160/250 = 0.64, பத்தாவதற்கு 50/250 = 0.20. இந்த நான்கு எண்களையும் களத்துக்குக் கிளம்பும் முன்பே நோட்டில் மையால் எழுதிவிடுங்கள்.

அளந்து வந்த பிறகு

நான்கு கண்மாய்களிலும் நீர்க்கட்டியோடு தலைமடையிலிருந்து கடைமடை வரை நடந்து, நட்ட வயல்களைக் குறித்துக்கொண்டு வந்தோம். மூன்றாவதில் 24 ஏக்கர், ஐந்தாவதில் 130, எட்டாவதில் 96, பத்தாவதில் 35. இப்போது வகுக்கலாம்:

24 ÷ 0.16 = 150
130 ÷ 0.80 = 162.5
96 ÷ 0.64 = 150
35 ÷ 0.20 = 175

கூட்டினால் 637.5 ஏக்கர். பத்துக் கண்மாயிலும் நட்ட மொத்தப் பரப்புக்கு இதுவே நம் மதிப்பீடு. விரிதாளில் செய்வதானால் அளவுகளை B நெடுவரிசையிலும் வாய்ப்புகளை C நெடுவரிசையிலும் வைத்து `=SUMPRODUCT(B2:B5/C2:C5)` என்று தட்டினால் போதும்.

இது ஏன் சரி என்பதை 3-ஆம் கண்மாயை மட்டும் வைத்தே பார்த்துவிடலாம். அது மாதிரியில் வந்தால் மொத்தத்துக்கு 150 சேர்க்கிறது; வராவிட்டால் ஒன்றும் சேர்ப்பதில்லை. 250 தொடக்க எண்களில் 40-இல் வருகிறது, 210-இல் வருவதில்லை. எல்லாத் தொடக்க எண்களுக்கும் சராசரி எடுத்தால் 150 × 40 ÷ 250 = 24. அதாவது சராசரியில் அது தன் உண்மையான 24 ஏக்கரையே, ஒரு சென்ட் கூடாமல் குறையாமல், மொத்தத்துக்குக் கொடுக்கிறது. ஒவ்வொரு கண்மாயும் இப்படியே என்பதால் மொத்த மதிப்பீடும் சராசரியில் உண்மையான மொத்தமே. இதற்கு நட்ட பரப்பு ஆயக்கட்டைப் பொறுத்திருக்க வேண்டும் என்றோ, கண்மாய்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்க வேண்டும் என்றோ எந்த நிபந்தனையும் தேவைப்படவில்லை. எல்லாருக்கும் பூச்சியத்துக்கு மேற்பட்ட வாய்ப்பு, அந்த வாய்ப்பு எவ்வளவு என்பது தெரிந்திருத்தல் ஆகிய இரண்டு மட்டுமே போதும்.

பலர் செய்வது வேறு. நான்கின் சராசரியை எடுத்துப் பத்தால் பெருக்குகிறார்கள். 24, 130, 96, 35 சேர்ந்து 285, சராசரி 71.25, பத்தால் பெருக்கினால் 712.5. இது தப்பு என்பதை ஆயக்கட்டை வைத்தே நிரூபிக்கலாம், ஏனென்றால் அதன் மொத்தம் 1000 என்று நமக்கு முன்பே தெரியும். இதே பொறுக்கும் முறையில் எல்லாத் தொடக்க எண்களுக்கும் "சராசரி பெருக்கல் பத்து" செய்து பார்த்தால் ஆயக்கட்டின் மொத்தம் சராசரியில் 1262 ஏக்கர் என்று வரும். பெரிய கண்மாய்களுக்கு அதிக வாய்ப்புக் கொடுத்துவிட்டு, அதைக் கணக்கில் கழிக்க மறந்ததன் விலை அந்த 262 ஏக்கர்.

களத்தில் வேறு உண்மை தெரிந்தால்

3-ஆம் கண்மாய்க் கரையில் நிற்கும்போது நீர்க்கட்டி சொல்கிறார்: "பதிவுல நாப்பதுன்னு இருக்கும் சார், பாயிறது அம்பத்தஞ்சு ஏக்கர்." அவர் சொல்வது உண்மை என்றே அளந்து பார்த்தும் தெரிகிறது. இப்போது வாய்ப்பை 55/250 என்று திருத்த வேண்டுமா?

கூடாது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். வாய்ப்பு என்பது கண்மாயின் குணம் அல்ல. நாம் பொறுக்கிய விதத்தின் குணம். குலுக்கும்போது அந்தக் கண்மாய்க்கு 40 எண்கள்தான் கொடுத்தோம். 40 எண்களுக்கான வாய்ப்பில்தான் அது வந்தது. பதிவேடு பழையதாக இருப்பதால் மதிப்பீடு ஒரு பக்கமாகச் சாயாது. முன்னே காட்டிய 24-க்கான கணக்கில் 40-க்குப் பதில் வேறு எந்த எண்ணைப் போட்டாலும், வகுப்பதற்கும் அதே எண்ணைப் பயன்படுத்தும் வரை, விடை 24 தான். பழைய பதிவேட்டால் வரும் தீங்கு வேறு: மதிப்பீடு ஒரு மாதிரிக்கும் இன்னொரு மாதிரிக்கும் இடையே அதிகமாக ஆடும். களத்தில் கண்டதை வைத்து வாய்ப்பை "திருத்தினால்" அந்த ஆட்டம் குறையலாம், ஆனால் சாய்வு வந்து சேர்ந்துகொள்ளும். 55 ஏக்கர் என்பதைத் தனிப் பத்தியில் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டுப் பட்டியலில் பயன்படுத்துங்கள்.

இந்த வாய்ப்பு எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது

நம் நான்கு பெருக்கு எண்களைக் கூட்டிப் பாருங்கள். வாய்ப்பின் தலைகீழே பெருக்கு எண்: 6.25, 1.25, 1.5625, 5. கூட்டுத்தொகை 14.06. இது பத்துக் கண்மாய்களின் எண்ணிக்கைக்கான மதிப்பீடு. பத்தை 14 என்று சொல்கிறதே, எங்கோ தப்பு என்று பதற வேண்டாம். ஆயக்கட்டை அளவாக வைத்து வாய்ப்புக் கொடுத்ததால் ஏக்கர் சார்ந்த கேள்விகளுக்கு இந்த மாதிரி நன்றாக விடை சொல்லும்; கண்மாயின் எண்ணிக்கை சார்ந்த கேள்விகளுக்குச் சராசரியில் சரியாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் பெரிதாக ஆடும்.

இந்த ஆட்டம் எவ்வளவு கேலிக்கூத்தாகும் என்பதற்கு ஒரு கேள்வி. உட்பகுதி முழுக்கச் சீமைக் கருவேலம் மண்டிய கண்மாய்கள் எத்தனை? நம் நான்கில் மூன்றாவதும் பத்தாவதும் அப்படி. வாய்ப்பால் வகுத்துக் கூட்டினால் 6.25 + 5 = 11.25. பத்துக் கண்மாயில் பதினொன்றேகால் கண்மாயில் கருவேலம்! சூத்திரம் மீறப்படவில்லை, அதை இந்தக் கேள்விக்குக் கேட்டதுதான் பிழை. புள்ளியியலாளர் தேவபிரத பாசு 1971-இல் இதையே ஒரு சர்க்கஸ் கதையாகச் சொன்னார். 50 யானைகளின் மொத்த எடைக்கு, நடுத்தர எடையுள்ள சாம்போ என்ற யானைக்கு 99/100 வாய்ப்பும் மற்ற ஒவ்வொன்றுக்கும் 1/4900 வாய்ப்பும் கொடுத்து ஒன்றைப் பொறுக்கினால், சாம்போவே வந்தாலும் அதன் எடையை 100/99 ஆல் பெருக்கி அதுவே 50 யானையின் மொத்தம் என்று சொல்ல வேண்டிவரும். சராசரியில் சரி என்பது கையில் இருக்கும் ஒரு விடை சரி என்பதற்கு உத்தரவாதம் அல்ல.

இதற்கு ஒரு எளிய பரிகாரம் உண்டு. கருவேலத்துக்கான 11.25-ஐப் பெருக்கு எண்களின் கூட்டுத்தொகையான 14.0625-ஆல் வகுத்து, தெரிந்த எண்ணிக்கையான 10-ஆல் பெருக்குங்கள்: 8 கண்மாய்கள். ஹாயெக் முறை என்று இதற்குப் பெயர். சிறிது சாய்வு இருக்கும், ஆனால் பத்துக்கு மேல் ஒருபோதும் போகாது. எண்ணிக்கை, விகிதம், சராசரி என்று கேள்வி வந்தால் நான் இதையே எடுப்பேன். நட்ட ஏக்கர் போல ஆயக்கட்டோடு சேர்ந்து ஏறி இறங்கும் மொத்தத்துக்கு நேர் வகுத்தலே நல்லது.

ஒரே ஒரு பெரிய கண்மாய் இருந்தால்

5-ஆம் கண்மாய் 200-க்குப் பதில் 300 ஏக்கர் என்றால் மொத்தம் 1100, இடைவெளி 275, அதன் வாய்ப்பு 300/275. ஒன்றுக்கு மேற்பட்ட வாய்ப்பு கிடையாது. அந்தக் கண்மாயைக் குலுக்கலில் சேர்க்காமல் நேராக எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாய்ப்பு 1, அளவு அப்படியே கூட்டலில் சேரும். மீதி ஒன்பதின் 800 ஏக்கரில் மூன்றை, 266.67 இடைவெளியில், புதிதாகப் பொறுக்குங்கள்.

எவ்வளவு நம்பலாம்

637.5 என்று மட்டும் சொன்னால் பாதி விடைதான். வகுத்து வந்த நான்கு எண்களையும் நான்கால் பெருக்குங்கள்: 600, 650, 600, 700. ஒவ்வொரு கண்மாயும் தனித்தனியே சொல்லும் மொத்தம் என்று இவற்றைக் கொள்ளலாம். இவற்றின் சராசரி 637.5. ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து விலகியதை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 6875. அதை 4 × 3 ஆல் வகுத்தால் 572.9, வர்க்கமூலம் ஏறக்குறைய 24 ஏக்கர். இதுவே திட்டப்பிழை, அதாவது மதிப்பீடு மாதிரிக்கு மாதிரி ஏறக்குறைய எவ்வளவு ஆடும் என்பதன் அளவு. இது தோராயம்தான், காரணமும் உண்டு: 1, 2, 3 ஆகிய கண்மாய்கள் கூட்டலில் அடுத்தடுத்து 240-க்குள் அடங்குவதால் இவற்றில் இரண்டு ஒரே மாதிரியில் சேரவே முடியாது. சேர்ந்து வரும் வாய்ப்பு பூச்சியமாக உள்ள இணைகள் இருக்கும்போது பிழையைச் சாய்வின்றி மதிப்பிட வழியில்லை. மேலே சொன்ன கணக்கு, எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்கியதாக எண்ணிச் செய்வது. பெரும்பாலும் பிழையைச் சற்றுக் கூட்டியே காட்டும். நான்கே கண்மாய் என்பதால் இந்த 24-ஐயும் கல்லில் எழுதியதாக எடுக்காதீர்கள்.

5-ஆம் கண்மாயின் 200 ஏக்கரை முழுவதும் நடக்க முடியவில்லையென்றால் அதற்குள்ளும் மாதிரி எடுக்கலாம். அங்கே 160 வயல்கள் இருந்து 20-ஐச் சம வாய்ப்பில் எடுத்தால், ஒரு வயலின் மொத்த வாய்ப்பு 0.80 × 20/160 = 0.10; அந்த வயலில் நட்டது பத்து மடங்காகச் சேரும். வாய்ப்புகள் பெருகும், அவ்வளவுதான்.

மாற்றாகப் போன கண்மாய்

பல ஆண்டுகளுக்கு முன் நான் நோட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், பொறுக்கிய கண்மாய்க்குப் போகும் வண்டிப்பாதை சேறாகிக் கிடந்தது என்று களத்துக்குப் போனவர் தார்ச்சாலை ஓரத்தில் இருந்த பக்கத்துக் கண்மாயை அளந்துவந்துவிட்டார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அந்தப் பக்கத்துக் கண்மாயின் வாய்ப்பு இப்போது எவ்வளவு? தன் எண் விழும் வாய்ப்போடு, முதலில் பொறுக்கிய கண்மாயின் எண் விழுந்து அதன் பாதையும் சேறாகும் வாய்ப்பையும் கூட்ட வேண்டும். மழைக்கு யார் வாய்ப்புச் சொல்வது? பாதை எளிதாக உள்ள இடங்களே உள்ளே வருவதும் ஒரு சாய்வு.

செய்ய வேண்டியது பத்து நாள் கழித்து மறுபடி போவது. எப்படியும் முடியாவிட்டால் அதை இல்லாததாகவே விட்டு, மீதி மூன்றைத் தூக்கிக் கொடுங்கள்: 10-ஆவது கிடைக்கவில்லையென்றால் மற்ற மூன்றின் கூட்டுத்தொகை 462.5-ஐ 1000/750 ஆல் பெருக்கி 616.7. இது வாய்ப்பிலிருந்து வந்த எண் அல்ல, விட்டுப்போனதும் மற்றவை போலவே என்ற ஊகத்திலிருந்து வந்தது என்று அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

இந்தக் கோளாறைப் பிடிக்க ஒரு சோதனை உண்டு. நட்ட பரப்புக்குப் பதில் ஆயக்கட்டையே வாய்ப்பால் வகுத்துக் கூட்டுங்கள். நம் மாதிரியில் 40 ÷ 0.16, 200 ÷ 0.80, 160 ÷ 0.64, 50 ÷ 0.20 நான்குமே 250. கூட்டினால் சரியாக 1000. பத்தாவதற்குப் பதில் ஒன்பதாவதை அளந்து, பத்தாவதன் 0.20 ஆலேயே வகுத்திருந்தால் 120 ÷ 0.20 = 600 ஆகி, கூட்டுத்தொகை 1350 என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் போனவர் கொஞ்சம் விவரமானவராக இருந்து, ஒன்பதாவதன் சொந்த வாய்ப்பான 0.48-ஐயே போட்டிருந்தால் 120 ÷ 0.48 மறுபடியும் 250, கூட்டுத்தொகை 1000, சோதனை வாய் திறக்காது. அப்போது தொடக்க எண் 220 என்று முதல் பக்கத்தில் மையால் எழுதியிருக்கிறதா, 970 விழும் கண்மாயும் அளந்த கண்மாயும் ஒன்றா என்று நோட்டைத் திறந்து ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.